சத்தம் முதலா, சன்னம் முதலா: ஒரு மடிக்கணினி மைக்கின் நிகழ்வு ஆய்வு

மைக் பழுது என்று கடைக்கு வருபவர்கள் இரண்டு குறைகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஒன்று, குரல் மெலிந்து கேட்கிறது. மற்றொன்று, கரகரவென்று இரைகிறது. சென்ற ஆண்டு கும்பகோணத்தில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அவர் சனிக்கிழமைதோறும் காலையில், வெளிநாடுகளில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மடிக்கணினி வழியே தமிழ் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறார்.

"தம்பி, முதலில் என் குரல் கிணற்றுக்குள்ளே இருந்து வருகிறது என்றார்கள். பேரன் வந்து எதையோ கூட்டி வைத்தான். அந்த வாரம் நன்றாக இருந்தது. அடுத்த வாரமே மறுபடியும் கிணறு. இப்போது கிணற்றுக்குள் பட்டாசும் வெடிக்கிறதாம்" என்றார்.

கூடவே இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சில சமயம் அவர்கள் பேசியதே திரும்பிக் கேட்கிறது. இவருக்கும் அவ்வப்போது பிள்ளைகளின் குரல் திடீரென்று தேய்ந்து, எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோல் ஆகிவிடுகிறது. இவை வேறு கோளாறுகள் என்று நினைத்து, "அது இணைய வேகமாக இருக்கும், நீங்கள் மைக்கை மட்டும் பாருங்கள்" என்றார். நானும் அப்போது தலையாட்டினேன். பிறகு பார்த்தால், பழுது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த இரண்டு செய்திகள்தான்.

கொண்டுவந்தவை விண்டோஸ் மடிக்கணினி ஒன்றும், 3.5 மி.மீ. பிளக் கொண்ட கம்பி ஹெட்செட் ஒன்றும். மடிக்கணினிக்கு நான்கு வயது. அதில் ஒலி கேட்கவும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான்.

முதலில் பதிவு

மைக் பழுதை இன்னொருவரிடம் பேசிப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. நடுவில் இணையம் இருக்கிறது, இணையக் கூட்டச் செயலியின் இரைச்சல் நீக்கி இருக்கிறது, எதிர்முனைக் கருவியும் இருக்கிறது. எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. கணினியிலேயே அரை நிமிடம் பதிந்து, அதைத் திரும்பக் கேட்டு, அலை வடிவத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நான் Audacity என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

பதிவைத் தொடங்கியதும் ஹெட்செட்டின் மைக்கை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு திரையின் மேல்விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில் தட்டினேன். ஹெட்செட்டைத் தட்டியபோதுதான் அலை எழுந்தது. இந்தத் தட்டலுக்கு ஐந்து வினாடிகூடத் தேவையில்லை. ஆனால் 'மைக் மெலிந்து கேட்கிறது' என்று வரும் கணினிகளில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும். வாய்க்கருகே ஹெட்செட் இருக்க, கணினியோ இரண்டடி தள்ளியிருக்கும் தன் உள் மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கணினியில் அப்படி இல்லை.

அடுத்து ஒலி அளவு. விண்டோஸ் விசையுடன் R அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டினால் பழைய ஒலி அமைப்புச் சாளரம் திறக்கும்:

```
mmsys.cpl
```

அதில் `Recording` பகுதிக்குப் போய், பயன்பாட்டில் இருக்கும் மைக்கை இருமுறை சொடுக்கினால் `Levels` என்ற தாள் கிடைக்கும். அங்கே இரண்டு நழுவிகள் இருக்கும். மேலே இருப்பது 0 முதல் 100 வரை போகும் ஒலி அளவு. கீழே இருப்பது `Microphone Boost`. பெரும்பாலான கணினிகளில் அது 0, +10, +20, +30 டெசிபெல் என்று படிப்படியாக ஏறும். (சில கணினிகளில் இரண்டாவது நழுவியே இருக்காது. ஒலிச்சில்லின் டிரைவர் அதைக் காட்டினால்தான் உண்டு.)

டீச்சரின் கணினியில் கீழ் நழுவி +30-இல் முட்டிக்கொண்டு நின்றது. மேல் நழுவியோ 9-இல் கிடந்தது.

இது விசித்திரம். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 20-க்கும் மின்னழுத்தம் பத்து மடங்காகும். +30 என்றால் ஏறத்தாழ 32 மடங்கு. குரலை ஒருபுறம் 32 மடங்கு பெருக்கிவிட்டு, மறுபுறம் கிட்டத்தட்ட வாயை மூடிய நிலையில் யார் வைப்பார்கள்? +30 பேரனின் கைவேலை என்பது டீச்சர் சொன்னதிலிருந்தே புரிந்தது. 9 யாருடைய வேலை?

"அவன் போனபின் மேலே இருப்பதை நானும் தொடவில்லை, அவனும் தொடவில்லை. அவன் வந்தபோது அதை நூறில் வைத்துவிட்டுப் போனதாகத்தான் சொன்னான்" என்றார்.

நழுவியை இழுத்தது யார்

இணையக் கூட்டச் செயலிகளில் பலவற்றில் மைக் ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கும். அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போனால் `Automatically adjust microphone volume` போன்ற பெயரில் கண்ணில் படும். பேசுபவர் மெல்லப் பேசினால் ஏற்றும், கத்தினால் இறக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் சில செயலிகள் இதைத் தமக்குள்ளேயே முடித்துக்கொள்ளாமல், விண்டோஸின் மேல் நழுவியையே பிடித்து நகர்த்துகின்றன. கூட்டம் முடிந்தபின் நழுவி எங்கே விடப்பட்டதோ அங்கேயே கிடக்கும்.

டீச்சரின் செயலியிலும் அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதை அணைத்தேன். மேல் நழுவியை 80-க்கு ஏற்றி, கீழ் நழுவியை +10-க்கு இறக்கினேன். டீச்சரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி அரை நிமிடம் பதிந்தேன்.

குரல் நிறைவாக வந்தது. அலையின் உச்சிகள் −15 டெசிபெல்லை ஒட்டி நின்றன. பேச்சுக்கு இது தாராளம். 0 என்பது கூரை. அதைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும். −12-க்கும் −20-க்கும் இடையில் உச்சி இருந்தால் மேலும் ஏற்றத் தேவையில்லை. ஆக, மைக் மெலிந்த மைக் அல்ல. ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் நான்கு இடங்களில் அலை கூரைவரை பாய்ந்திருந்தது. கேட்டால், சட்டென்று ஒரு வெடிப்பும் அதைத் தொடர்ந்து ஒரு கரகரப்பும்.

இங்கேதான் எனக்கு வழக்கின் முடிச்சு பிடிபட்டது. சரிபார்க்க ஒரு சிறு சோதனை செய்தேன். தானியங்கி வசதியை மறுபடியும் இயக்கி, ஒரு வெற்றுக் கூட்டத்தைத் திறந்து, `Levels` தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹெட்செட் பிளக்கைத் துளைக்குள் மெல்லத் திருகினேன். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு வெடிப்பு. நழுவி 80-இல் இருந்து 71-க்கு வந்தது. இன்னொரு திருகல், 62. கண்ணுக்குத் தெரியாத யாரோ விரலால் இழுப்பதைப்போல அது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. ஒரு நிமிடத்தில் 40-க்குக் கீழே.

செயலியின் கோணத்திலிருந்து பார்த்தால் அது செய்தது சரி. யாரோ காது கிழியக் கத்துகிறார் என்று நினைத்து ஒலியைக் குறைக்கிறது. கத்துவது டீச்சர் அல்ல, துளைக்குள் இருக்கும் தொடுமுனை என்பது அதற்குத் தெரியாது. ஒரு மணிநேர வகுப்பில் நூறு வெடிப்பு வெடித்தால் நழுவி அடிமட்டத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குக் குரல் மெலியும். பேரன் வந்து `Microphone Boost`-ஐ முழுக்க ஏற்றியதும் குரலோடு வெடிப்பும் 32 மடங்கானது, செயலி இன்னும் வேகமாக நழுவியைக் கீழே தள்ளியது. மெலிவும் கரகரப்பும் இரண்டு நோய்களல்ல. கரகரப்பு நோய், மெலிவு அந்த நோய்க்குச் செயலி கொடுத்த மருந்து.

எனவேதான் சொல்கிறேன்: மெலிவும் கரகரப்பும் சேர்ந்து வந்தால் ஒலி அளவைக் கூட்டுவதில் தொடங்கக் கூடாது. தானியங்கியை அணைத்து, நழுவிகளை ஒரு நடுநிலையில் நிறுத்தி, பிறகு கரகரப்பைத் தேட வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். அங்கே `alsamixer` திறந்து, F6-இல் ஒலிச்சில்லைத் தேர்ந்து, F4 அழுத்தினால் பதிவு அளவுகளும் `Mic Boost` நெடுவரிசையும் தெரியும்.

ஒரு வெடிப்பு ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது

ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கும்போது துளையில் லேசான தொடர்புக் கோளாறு இருந்தால் அவ்வளவாகத் தெரியாது. அதே கோளாறு மைக்கில் மட்டும் பேரிரைச்சலாவது ஏன் என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஹெட்செட்டில் இருப்பது எலக்ட்ரெட் வகை மைக். அதற்குள் ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைக் கணினி, குரல் வரும் அதே கம்பியின் வழியாகவே அனுப்புகிறது. சுமார் 2.5 வோல்ட், 2,200 ஓம் அளவில் ஒரு மின்தடை வழியாக. கம்பியில் ஓடுவது 0.3 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்தடையில் 0.66 வோல்ட் விழும். மீதி 1.8 வோல்ட் சொச்சம் மைக்கில் நிற்கும். டீச்சரின் குரல் அதன்மேல் ஏறி ஆடும் சிற்றலை. அதன் உயரம் பத்து மில்லிவோல்ட் என்றால் நல்ல குரல்.

இப்போது தொடுமுனை ஒரு கணம் விலகுகிறது. மின்னோட்டம் நிற்கிறது. கணினியின் பக்கத்தில் மின்னழுத்தம் 1.8-இல் இருந்து 2.5-க்குத் துள்ளுகிறது. பத்து மில்லிவோல்ட் குரலுக்கு நடுவே 660 மில்லிவோல்ட் துள்ளல். குரலைப்போல 66 மடங்கு. காதொலிக் கம்பியில் இப்படி நிலையான மின்னழுத்தம் எதுவும் இல்லை. அங்கே தொடர்பு விட்டால் பாட்டு ஒரு கணம் அறுந்து வரும், அவ்வளவே.

அலை வடிவத்திலும் இதற்கென்று ஒரு முகம் உண்டு. செங்குத்தாக ஒரு பாய்ச்சல், பிறகு சரிவாக வளைந்து நடுக்கோட்டுக்குத் திரும்புதல். சறுக்குமரம் போல இருக்கும். மென்பொருள் காரணமாகவும் கரகரப்பு வரலாம். கணினி திணறும்போது ஒலித்துணுக்குகள் தவறிப்போகும். அப்போது அலையில் சறுக்குமரம் இருக்காது. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் நடுவில் துண்டுகள் காணாமல் போயிருக்கும், அல்லது தட்டையான வெற்றுக்கோடு இருக்கும். பிளக்கைத் திருகினாலும் திருகாவிட்டாலும் அது வந்துகொண்டே இருக்கும். டீச்சரின் பதிவில் நான்கும் சறுக்குமரங்கள்.

சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டியும் ஒரு பதிவு எடுத்தேன். சார்ஜரால் வருவது பெரும்பாலும் விட்டுவிட்டு வெடிக்காது. ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும். கழற்றினால் நின்றுவிடும். இங்கே மாற்றமில்லை. உள் மைக்கில் ஒரு பதிவு: வெடிப்பே இல்லை. ஆகவே ஒலிச்சில்லும் மென்பொருளும் குற்றமற்றவை. மிச்சமிருப்பது துளை, பிளக், கம்பி மூன்றும்தான்.

துளைக்குள் இருந்தது

துளையா, ஹெட்செட்டா என்று பிரிக்க இரண்டு மாற்றுச் சோதனைகள் போதும். டீச்சரின் ஹெட்செட்டை என் கைப்பேசியில் செருகிப் பதிந்தேன். இரண்டு நிமிடத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. கடையில் நான் நம்பி வைத்திருக்கும் ஹெட்செட்டை டீச்சரின் கணினியில் செருகினேன். திருகியதும் வெடித்தது. துளைதான் என்று முடிவு செய்தேன். (அந்த முடிவில் பாதிதான் சரி. அது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.)

ஹெட்செட்டைச் செருகியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிளக்கின் உலோகத் தண்டு முழுவதும் உள்ளே போகவில்லை. அடிவளையத்துக்கும் கணினியின் விளிம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு வெள்ளி மின்னியது. கைப்பேசியில் அதே பிளக் ஒட்டி உட்கார்ந்தது.

ஒரு மில்லிமீட்டர் என்று அலட்சியம் செய்யக் கூடாது. அந்தத் தண்டை உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்புக் கோடுகள் அதை நான்கு பட்டைகளாகப் பிரித்திருக்கும். இப்போது புழக்கத்தில் இருக்கும் முறைப்படி நுனி இடக்காது, அடுத்த பட்டை வலக்காது, மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்புகம்பி, அடிப்பட்டை மைக். துளைக்குள் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்தகடு காத்திருக்கும். பிளக் முழுதாக நுழையாவிட்டால், மைக்குக்கான தகடு அடிப்பட்டையின் ஓரத்தில், கறுப்புக் கோட்டின் மேலேயே ஏறி உட்காரும். பொதுக்கம்பிக்கான தகடும் அப்படித்தான். தலை அசைந்து கம்பி இழுபடும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் இருக்கும்.

டீச்சர் ஒதுக்கிவைத்த இரண்டு குறைகளும் இப்போது இடத்தில் பொருந்தின. பொதுக்கம்பி விட்டுப்போனால் இரண்டு காதுகளின் ஒலிபெருக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். அவை இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே ஒலிக்கும். கூட்டத்தில் பேசுபவரின் குரல் இரண்டு பக்கத்திலும் ஒன்றேபோல் வருவது. வேறுபாடு எதுவும் இல்லை. எனவே குரல் தேய்ந்துவிடும். திரைப்பாட்டு ஒன்றைப் போட்டால் பாடகர் குரல் மட்டும் மறைந்து வாத்தியங்கள் மிஞ்சுவதை நீங்களே கேட்கலாம். பொதுக்கம்பியின் தொடர்பு கெட்டால் காதுக்குப் போகும் ஒலி மைக் பக்கமும் கசியும். பிள்ளைகள் பேசியது அவர்களுக்கே திரும்பிக் கேட்டது அதனால்தான். எதிரொலி நீக்கி கூட்டச் செயலியில் இருக்கிறது. ஆனால் தொடர்பு வினாடிக்கு வினாடி மாறும்போது அதனால் பின்தொடர முடிவதில்லை. இணைய வேகத்துக்கு இதில் பங்கே இல்லை.

கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, துளையின் நேரே கைவிளக்கைப் பிடித்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. பல்குச்சியின் முனையைக் கத்தியால் இன்னும் மெல்லியதாகச் சீவி, துளையின் சுவரைத் தொடாமல் உள்ளே விட்டு, மெதுவாகச் சுழற்றி இழுத்தேன். மூன்றாவது முறையில் ஒரு பஞ்சுருண்டை வந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிது, அமுக்கி அமுக்கி அட்டைபோல் கெட்டியாகியிருந்தது. அதில் ஒரு சிவப்பு நூலிழையும் தெரிந்தது. டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கணினிக்கு அவரே தைத்துப் போட்ட பூவேலை உறையின் நூல் அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிளக்கைச் செருகும்போது வாசலில் நின்ற நூலையும் தூசியையும் அவரே அடிவரை இடித்து இறக்கியிருக்கிறார்.

குண்டூசி, ஊக்கு, காகிதக் கிளிப் இவற்றை விடவே கூடாது. உள்ளே இருக்கும் வில்தகடுகள் காகிதம்போல் மெல்லியவை. ஒன்றை வளைத்துவிட்டால் துளையையே மாற்ற வேண்டும். காற்றடிக்கும் டப்பாவும் இதில் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. தளர்வான தூசிக்கு அது சரி. அமுங்கிய பஞ்சை அது அசைக்காது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

பஞ்சு வந்தபின் தகடுகளின் மேல் படிந்த கறை மிச்சமிருக்கும். பல்லிடுக்குத் துலக்கும் சிறு பிரஷ்ஷில், கம்பி முனை வெளியே நீட்டாததாகப் பார்த்து எடுத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உதறிவிட்டு, துளைக்குள் பத்துப் பதினைந்து முறை சுழற்றினேன். கைப்பேசி உதிரிபாகக் கடைகளில் 'ஐபிஏ' என்று கேட்டால் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். துருப்பிடித்த கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், அடுத்த தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். பிளக்கின் தண்டையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பாக ஒட்டியது.

பதினைந்து நிமிடம் உலரவிட்டு, கணினியை இயக்கினேன். பிளக் 'டிக்' என்று உள்ளே போய் விளிம்போடு ஒட்டியது. திருகினேன். அமைதி. டீச்சரின் ஹெட்செட், என் ஹெட்செட் இரண்டிலும் அமைதி. நழுவிகளை 80, +10 என்று விட்டு, தானியங்கியை அணைத்தே வைத்துக் கொடுத்தனுப்பினேன். நூற்றைம்பது ரூபாய் வாங்கினேன்.

சனிக்கிழமை மறுபடியும்

அடுத்த சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கைப்பேசியில் டீச்சர். "தம்பி, குரல் இன்று நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எதிரொலியும் இல்லை. ஆனால் நான் பக்கத்துப் பலகையில் எழுதத் திரும்பும்போது மட்டும் பட்டாசு வெடிக்கிறதாம்."

திரும்பும்போது மட்டும். என் தவறு உடனே உறைத்தது. ஹெட்செட்டைக் கைப்பேசியில் சோதித்தேனே, அப்போது கைப்பேசி என் கையிலேயே இருந்தது. கம்பி தளர்ந்து தொங்கியது. யாரும் தலையைத் திருப்பவில்லை, யாரும் கம்பியை இழுக்கவில்லை. ஓய்வில் இருக்கும் ஹெட்செட்டைச் சோதித்துவிட்டு நல்லது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். என் ஹெட்செட்டும் டீச்சரின் துளையில் வெடித்ததால், இன்னொரு குற்றவாளி இருக்கலாம் என்று தேடவும் தோன்றவில்லை. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

திங்களன்று ஹெட்செட்டோடு வந்தார். இந்த முறை பிளக்கைக் கைப்பேசியில் செருகி, பிளக் அசையாதபடி நாடாவால் ஒட்டி, பதிவை ஓடவிட்டுக்கொண்டு கம்பியை மட்டும் வளைத்தேன். மைக் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சாணாகப் பிடித்து, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு திசையிலும். நடுவில் எங்கும் ஒன்றுமில்லை. பிளக்கின் ரப்பர் கழுத்திலிருந்து அரை அங்குலத்தில் இடப்பக்கம் மடக்கியதும் ஒரு வெடிப்பு. விட்டதும் இன்னொன்று. பத்து முறை மடக்கினால் பத்து முறையும்.

உறுதிப்படுத்த மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முள்ளை அடிப்பட்டையிலும் மற்றொன்றை அதற்கு முந்தைய பட்டையிலும் தொட்டேன். ஓராயிரம் ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. முட்களை மாற்றித் தொட்டால் எண் மாறும். உள்ளே டிரான்சிஸ்டர் இருப்பதால் அப்படி. எண் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. நிலையாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கம்பியை இடப்பக்கம் மடக்கியதும் எண் மறைந்து, திறந்த சுற்று என்று காட்டியது. நுனிக்கும் மூன்றாம் பட்டைக்கும் நடுவே 32 ஓமுக்குப் பக்கத்தில் வந்தது, மடக்கினாலும் அசையவில்லை. பொதுக்கம்பி நன்றாக இருக்கிறது, அறுந்தது மைக் கம்பி மட்டுமே.

புது ஹெட்செட் வாங்கிவிடலாம் என்றேன். டீச்சருக்கு இது காதுக்குப் பழகிவிட்டதாம். சரி என்று பிளக்கை வெட்டினேன். நான்கு பட்டை கொண்ட திருகுமூடிப் பிளக் ஒன்று ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது கறுப்புக் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடு இருந்தால் அது மைக் இல்லாத பிளக்.

இந்த வேலையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஹெட்செட் கம்பியின் இழைகள் மயிரிழை மெல்லியவை, சிவப்பும் பச்சையுமாகப் பளபளக்கும். அந்த நிறம் துணியோ சாயமோ அல்ல, மின்காப்புப் பூச்சு. அதைக் களையாமல் ஈயம் வைத்தால் ஒட்டியதுபோல் இருக்கும், தொடர்பு இருக்காது. பற்றுக்கோலின் முனையில் ஒரு பெரிய ஈயத்துளியை உருக்கி, 400 டிகிரி அளவில் வைத்து, இழையின் நுனியை அந்தத் துளிக்குள் சில வினாடி முக்கி வைத்தால் பூச்சு எரிந்து இழை வெள்ளியாகும். நிறத்தை நம்பிக் கம்பிகளைப் பிரிக்கவும் கூடாது. சிவப்பு வலம், பச்சையோ நீலமோ இடம், செம்பு நிறம் பொது என்பது வழக்கமே தவிரச் சட்டமல்ல. மீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டு, 32 ஓம் காட்டுபவை காதுகள், ஆயிரத்துச் சொச்சம் காட்டுவது மைக் என்று குறித்துக்கொண்டு பற்றவைத்தேன்.

மூன்றாவது பட்டையும் அடிப்பட்டையும் இடம் மாறினால் மைக் வேலை செய்யாது. பழைய கைப்பேசிகள் சிலவற்றின் ஹெட்செட்டுகள் அப்படி மாற்றித்தான் வந்தன. வீட்டில் கிடந்த பழைய ஹெட்செட்டைச் செருகி மைக் ஊமை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதன் வயதைத்தான்.

புதுப் பிளக்கோடு, கம்பியை மடக்கியும் சுருட்டியும் இழுத்தும் ஐந்து நிமிடம் பதிந்தேன். ஒரு சறுக்குமரமும் இல்லை. டீச்சரைத் தலையில் மாட்டச் சொல்லி, நாற்காலியில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி வாசிக்கச் சொன்னேன். கம்பி நேராகப் பிளக்கைப் பிடித்து இழுக்காதிருக்க, மேசையின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். இடப்பக்கத்துப் பலகைதான் பிளக்கை இடப்பக்கம் மடக்கி மடக்கி அறுத்திருக்கிறது.

சுத்தம் செய்தபின், நல்ல ஹெட்செட்டைச் செருகியும் பிளக்கைப் பக்கவாட்டில் அசைத்தால் வெடிக்கிறது என்றால், துளை தளர்ந்துவிட்டது அல்லது மின்சுற்றுப் பலகையில் அதன் ஈயப்பற்று விரிசல் விட்டுவிட்டது. அப்போது பிரஷ்ஷும் ஆல்கஹாலும் உதவாது. சில மடிக்கணினிகளில் துளை ஒரு சிறு துணைப்பலகையில் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம். தாய்ப்பலகையிலேயே இருந்தால், யுஎஸ்பியில் செருகும் சிறு ஒலிச்சில் ஒன்றை வாங்கிக்கொள்வது மலிவு. டீச்சரின் துளைக்கு அந்த நிலை வரவில்லை.

அவர் போனபின் வெட்டியெறிந்த பழைய பிளக்கை எடுத்து, ரப்பரைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். மைக் கம்பியின் இழைகள் எல்லாமே அறுந்திருந்தன, ஒன்றுகூட மிச்சமில்லை. அறுந்த இரண்டு முனைகளும் ரப்பரின் இறுக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. இத்தனை வாரமும் பத்துப் பிள்ளைகளுக்கு டீச்சரின் குரல் போனது அந்தத் தொடுகையின் வழியாகத்தான். இரண்டாம் முறைக்குப் பிளக்கின் விலை மட்டும் வாங்கினேன்.